அனுப்பாத எட்டுக் கடிதங்கள்

எங்கள் கடைத் தார்ப்பாயின் அருமை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஒரு பெருமழையில் ஊரே முழுகியபோது எங்கள் பாய்க்கடியில் ஒரு கோழி அடைகாத்துப் பதினோரு குஞ்சு பொரித்தது. மழை என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்த குஞ்சுகள் அவை. இதை நான் சொல்லும்போதெல்லாம் என் கூட்டாளி, "போடா புளுகா" என்பான். நான் அவனை 'அளவு' என்று கூப்பிடுவேன். பேச்சைக்கூட அளந்து வெட்டுகிறவன். முப்பத்தொரு வருஷம் இப்படியே ஓடியது.

அப்புறம் டாக்டர் அவனுக்கே மிச்ச நாட்களை அளந்து கொடுத்துவிட்டார். வீடு திரும்பியதும் அவன் செய்த முதல் வேலை, ஆடிட்டரை வரவழைத்தது.

"ரெண்டே பேர் நடத்தற கம்பெனி சார். நான் போயிட்டா அது தானா கலைஞ்சிடும். பேங்க்ல பணத்தை நிறுத்தி வைப்பாங்க, வரி ஆபீஸ்ல இவளைக் கூப்பிடுவாங்க. இவ எந்தப் படியும் ஏறக்கூடாது. நான் இருக்கும்போதே ரெண்டு பேரும் சம்மதிச்சுக் கலைச்சிடறோம்."

அவன் மனைவி கதவோரம் நின்றிருந்தாள். என்னை அண்ணா என்பாள், எனக்கு அவள் தங்கச்சி.

ஆடிட்டர் கலைப்புப் பத்திரம் எழுதினார். தேதி போட்டு இருவரும் கையெழுத்திட்டோம். சரக்குப் போடுகிறவர்கள், வாங்குகிறவர்கள் என்று எட்டுப் பேருக்குக் கடிதம். பத்திரிகையில் அறிவிப்பு. வரி ஆபீஸில் கடைசிக் கணக்கு கொடுத்துப் பதிவை ரத்து செய்யவேண்டும். எல்லாம் தீர்ந்தபின் மிச்சக் காசோலைகளைத் திருப்பிக் கொடுத்துப் பேங்க் கணக்கை மூடவேண்டும்.

"கடிதத்தை மட்டும் உடனே அனுப்பிடுங்க" என்றார். "கம்பெனி கலைஞ்சது தெரியாம யாராவது உங்க பேர்ல சரக்கு அனுப்பினா, ரெண்டு பேர் தலையிலயும்தான் விடியும்."

"நான் பாத்துக்கறேன்" என்று எல்லாவற்றையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

போட்டுக்கொண்டவன், எதையும் அனுப்பவில்லை.

எனக்கு ஒரு கணக்கு. வேலையை அரைகுறையாக விட்டுப் போகிற வழக்கமே அவனுக்குக் கிடையாது. பாய் வெட்டும்போது வீடு தீப்பிடித்தால்கூட முழம் முடித்துவிட்டுத்தான் எழுவான். கலைப்பு வேலை முடியாத வரைக்கும் இந்த ஆள் எப்படிப் போவான்?

தினமும் போய்ப் பக்கத்தில் உட்காருவேன்.

"கடிதம் போச்சா?"

"எப்பவோ போச்சு."

"பேப்பர்ல வரலையே?"

"அவங்க ஆபீஸ்ல மை தீந்துபோச்சாம். கப்பல்ல வருதாம்."

"வரி ஆபீஸ்?"

"அந்த அதிகாரிக்கு மூணு நாளா விக்கல். முத்திரை வச்சா வேற பக்கத்துல விழுதாம்."

அவன் சிரிப்பான். சிரித்தால் இருமல் வரும். தங்கச்சி வெந்நீர் கொண்டுவருவாள்.

பன்னிரண்டாம் நாள் அவன் வீட்டு வாசலில் லாரி வந்து நின்றது. அறுபது கட்டு தார்ப்பாய். கடை பூட்டியிருந்ததால் டிரைவர் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"பார்ட்னர் வீடுதானேம்மா? கையெழுத்துப் போட்டு எடுத்துக்கங்க."

அவள் பேனாவைக் கையில் வாங்கிவிட்டாள். அப்போதுதான் நான் தெருமுனை திரும்பினேன். அவன் கட்டிலிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்துகொண்டிருந்தான்.

"போடாத. அந்தக் கம்பெனி இல்லப்பா. திருப்பி எடுத்துட்டுப் போ."

டிரைவர் என்னைப் பார்த்தார். அவனும் பார்த்தான்.

"அவங்களுக்குக் கடிதம் போகலையாடா?"

இந்தத் தடவை கப்பலையும் விக்கலையும் இழுக்கவில்லை. பையைத் திறந்து காட்டினேன். எட்டும் ஒட்டியது ஒட்டியபடி இருந்தன.

"நீ போயிடுவேன்னு..." என்றேன்.

"போகத்தான் போறேன். இவளை நடுத்தெருவுல நிக்க வச்சுட்டுப் போகணுமா? இப்ப நிக்கறா பாரு, பேனாவோட."

அவன் அதட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

அன்று மதியத்துக்குள் எட்டுக் கடிதமும் பதிவுத் தபாலில் போயின. மறுநாள் காலை அறிவிப்பு அச்சில் வந்தது. வரி ஆபீஸ் அதிகாரிக்கு விக்கல் எதுவும் இல்லை, தங்கமான மனுஷர். ஒன்பதாம் நாள் ரத்து உத்தரவு கையில். மிச்சக் காசோலைகளைக் குறுக்கே கோடு போட்டு பேங்கில் கொடுத்தேன். முன்பே இருவரும் கையெழுத்துப் போட்ட மனுவை வைத்துக்கொண்டு மேனேஜர் அவனைப் போனில் கேட்டார்: "மூடிடலாமா சார்?" அவன் சொன்ன "மூடிடுங்க" எனக்கே கேட்டது.

ரசீதுகளை அவன் மார்பின்மேல் ஒவ்வொன்றாக வைத்தேன். முத்திரைகளை விரலால் தடவினான்.

"முடிஞ்சுதாடா?"

"முடிஞ்சுது."

"நிஜமாவா?"

"நிஜமா."

அன்றைக்கு நான் சொன்னதை அவன் நம்பினான். நாலாம் நாள் போய்விட்டான்.

இப்போதும் தினமும் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன். "எந்த ஆபீஸ்ல இருந்தாவது கடிதம் வந்துச்சாம்மா?" என்று கேட்பேன்.

"ஒண்ணும் வரல அண்ணா" என்பாள்.

சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வருவேன்.