டைப்பிங் என்று காட்டிய நேரம்

பேருந்து கிளம்பும்போதே சின்னவளின் கண்கள் எரிந்தன. பத்து நாள் வெளியூர்ப் பயிற்சி. அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் புது இயந்திரம் வந்திருந்தது, அதைக் கற்றுக்கொண்டு வா என்று அனுப்பியிருந்தார்கள். அறை, சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. கேட்கிறவர்களுக்கு ஓய்வெடுக்கப் போனவள் என்றுதான் தோன்றும். அவளுக்கோ அங்கேயும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விழிப்பு வந்தது. எழுந்து உட்கார்ந்து, திருப்பிப் படுக்கவைக்க அம்மா பக்கத்தில் இல்லை என்று புரிந்து, மறுபடி படுப்பாள். தூக்கம் மட்டும் திரும்ப வராது.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு வருடம். இடது பக்கம் வேலை செய்யாது, பேச்சு குழறும். நான்கு வருடமும் சின்னவள் வீடுதான். இந்தப் பத்து நாள் மட்டும் அம்மா அக்கா வீட்டில். இப்போது இந்தப் பேருந்து போவதும் அங்கேதான். சாயங்காலம் இறங்கி, அம்மாவை அழைத்துக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். அப்படித்தான் பேச்சு.

பேருந்து ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் குடும்பக் குரூப்பில் அக்காவின் செய்தி வந்து விழுந்தது. "ஏறிட்டியா? அம்மா துணிமணி, மாத்திரை எல்லாம் பையில கட்டி வெச்சாச்சு." அதன் கீழே அண்ணன்: "அம்மாவுக்கு உன் கைதான் பழக்கம். நாங்க பண்ணா உன்னை மாதிரி வராது. நீ எங்களுக்குக் கெடச்ச வரம்." பக்கத்தில் கும்பிடும் கைகள் மூன்று ஜோடி. ஒரு ஜோடி வந்து ஒருநாள் ராத்திரி டயப்பர் மாற்றியிருந்தால் சின்னவள் இவ்வளவு எரிச்சல்பட்டிருக்க மாட்டாள்.

அவள் டைப் செய்தாள்: "என்னால முடியல. நான் தூங்கி நாலு வருஷம் ஆச்சு." பார்த்தாள். அழித்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் யாருக்குப் பொறந்தீங்க?" அதையும் அழித்தாள்.

கடைசியில், "சரிக்கா." கட்டைவிரல் அனுப்பும் அம்புக்குறியின் மேல் போய் நின்றது.

"மேடம், அதை மட்டும் அனுப்பிடாதீங்க."

பக்கத்து சீட்டில் முப்பதுக்குள் மதிக்கத்தக்க பெண். இவ்வளவு நேரமும் தலையைச் சாய்த்துக்கொண்டு தூங்குகிறவள் மாதிரி இருந்தவள், ஒன்றுவிடாமல் படித்திருக்கிறாள். சின்னவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சண்டை போடத் தெம்பில்லாததால் அது வந்த வழியே போய்விட்டது.

"அடுத்தவங்க போனைப் பார்க்கறது தப்புன்னு தெரியாதா?"

"தெரியும் மேடம், ஸாரி. என் தொழிலே அதுதான். வாஷிங் மெஷின் கம்பெனியில கஸ்டமர் சாட். போன் கால் இல்ல, எழுத்துதான். ஒரே நேரத்துல நாலு பேரோட ஓடும். எட்டு மணி நேரம் பதில் எழுதிட்டு வந்தா, கண்ணு தானா அடுத்தவங்க ஸ்க்ரீனுக்குப் போயிடுது."

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"பெருசா ஒண்ணும் வித்தியாசம் இல்ல மேடம். மெஷின் ஓடலன்னு சொல்லுவாங்க, மாத்திக் குடுன்னு கேப்பாங்க. மாத்த முடியாதுன்னு நாங்க சொல்லணும், அவங்க சண்டை போடாமப் போகணும்."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாள் கழித்து வந்த சிரிப்பு, அது இருமலாய் முடிந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். இறங்கிப் போகிறவர்களிடம் சொல்வது சுலபம். போன மாதம் நடந்ததைக்கூடச் சொன்னாள். விடிகாலை வேலை, தூக்கக் கலக்கம். இரண்டு பேருடைய ரத்தம் எடுத்த குழாய்களில் லேபிளை மாற்றி ஒட்டிவிட்டாள். இயந்திரத்தில் வைக்கும் முன் கண்ணில் பட்டது, இல்லையென்றால் ஒருவருடைய நோய்க்கு இன்னொருவர் மருந்து சாப்பிட்டிருப்பார். அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

"அப்ப இன்னிக்கே எழுதணும்," என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. "நேர்ல போய்ப் பேசிக்கலாம்னு நெனைக்காதீங்க. கட்டி வெச்ச பையைப் பார்த்தா வாய் அடைச்சுக்கும்."

அது சின்னவளுக்கும் தெரியும். அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "அம்மாவை நீங்க வெச்சுக்கங்க" என்று எந்த மகளால் சொல்ல முடியும்? இறங்குவதற்குள் சொல்லவில்லையென்றால் இன்னும் நான்கு வருடம். அதற்கப்புறமும் அவள்தான்.

பாடம் ஆரம்பமானது. "முதல் வரியில அவங்க சொன்னதையே திருப்பிச் சொல்லுங்க. நாம படிச்சோம்னு தெரியணும்." "'ஆனா'ன்னு எழுதாதீங்க. அது வந்தா அதுக்கு முன்னாடி எழுதினது எதுவும் மனசுல நிக்காது." "முடியுமான்னு கேட்டா முடியாதும்பாங்க. இதுவா அதுவான்னு கேளுங்க." "எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணலாம்னு மட்டும் போட்டுடாதீங்க. எல்லாருக்கும்னு போட்டா யாருக்கும் இல்ல. அக்காவைக் கூப்பிட்டு அக்காகிட்ட கேளுங்க. தேதி போடுங்க."

சின்னவள் எழுதினாள், அழித்தாள், எழுதினாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் விரல் தப்பான எழுத்தில் விழுந்தது. நடத்துநர் வந்து டிக்கெட்டைக் கிழித்துவிட்டுப் போனார். சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்திலும் இரண்டு பேரும் இறங்கவில்லை. பிஸ்கட்டைத் தின்றுகொண்டே ஒரு வரியை நான்கு விதமாகத் திருப்பிப் போட்டார்கள்.

"'எனக்குத் தூக்கம் வேணும்'னு ஒரு வரி போடட்டுமா?"

"வேண்டாம் மேடம். நம்ம கஷ்டத்தைச் சொன்னா, அவங்க கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க. யாரு கஷ்டம் பெருசுன்னு போட்டி வந்துடும். எங்க ஆபீஸ்ல அது முதல் நாள் பாடம்."

அழித்தாள். செய்தி வழவழப்பாகிக்கொண்டே வந்தது. படித்தால் வாஷிங் மெஷின் கம்பெனியே எழுதியது போலத்தான் இருந்தது.

அப்போதுதான் பக்கத்து சீட்டுக்காரி திடுக்கிட்டாள். "அய்யோ, இவ்வளவு நேரமா குரூப்புக்குள்ளயே எழுதிட்டு இருக்கீங்களா? தனியா நோட்ஸ்ல இல்ல எழுதணும்! அங்க எழுதினா 'டைப்பிங்'னு அவங்களுக்குக் காட்டுமே!"

"காட்டினா காட்டட்டும். என்ன எழுதறேன்னு தெரியாதுல்ல?"

"இதுல தெரியாது. எங்க ஆபீஸ் ஸ்க்ரீன்ல தெரியும் மேடம். கஸ்டமர் அனுப்பறதுக்கு முன்னாடியே, அவங்க அடிக்க அடிக்க எங்களுக்கு ஓடும். நேரம் மிச்சமாகணும்னு வெச்சிருக்காங்க. சில பேரு நாலு வரி திட்டி எழுதுவாங்க. சில பேரு, குழந்தைக்கு உடம்பு சரியில்ல, துணி மலையாக் கெடக்குன்னு எழுதுவாங்க. அப்புறம் எல்லாத்தையும் அழிச்சுட்டு 'வணக்கம்'னு அனுப்புவாங்க."

"நீ என்ன பண்ணுவ?"

"நானும் வணக்கம்னு அனுப்புவேன். பார்த்தேன்னு சொல்லக் கூடாது."

அதைச் சொல்லிவிட்டு அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சின்னவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி இருந்தது செய்தி:

"அக்கா, இத்தனை நாள் அம்மாவைப் பார்த்துக்கிட்ட. அம்மாவுக்கு என் கை பழக்கம்னு அண்ணன் சொன்னதும் உண்மை. அந்தப் பழக்கம் இனி நம்ம மூணு பேருக்கும் வரணும். மூணு மாசத்துக்கு ஒரு வீடுன்னு வெச்சுக்கலாம். அக்கா, இப்பவே உன் வீட்டுல ஆரம்பிக்கலாமா, இல்ல ஒண்ணாம் தேதி அண்ணன் வந்து கூட்டிட்டுப் போகட்டுமா? ராத்திரி எப்படித் திருப்பிப் படுக்கவைக்கணும்னு இன்னிக்கு வந்து காட்டறேன்."

குறையே இல்லை. அதுதான் குறையாக இருந்தது. அவள் கடைசியில் இன்னொரு வரி சேர்த்தாள்: "எனக்குத் தூக்கம் வேணும்க்கா." பக்கத்து சீட்டுக்காரியைக் கேட்கவில்லை. அம்புக்குறியை அழுத்தினாள்.

மலைச் சாலை. சிக்னல் இல்லை. செய்தியின் ஓரத்தில் சின்னக் கடிகாரம் மட்டும் நின்றது. வளைவுக்கு வளைவு அதையே பார்த்தாள். இப்போது அழித்தால் யாருக்கும் தெரியாது. விரல் இரண்டு முறை அதன் மேல் போனது, இரண்டு முறையும் திரும்பி வந்தது.

மலை இறங்கியதும் கடிகாரம் டிக் ஆனது. அதே நொடியில், சிக்னலுக்காகக் காத்திருந்த அக்காவின் செய்தியும் உள்ளே வந்தது.

"என்னடி காலையிலேர்ந்து டைப்பிங் டைப்பிங்னு வருது, ஒண்ணும் வர மாட்டேங்குது? அம்மா என் பக்கத்துல உக்காந்து போனையே பார்த்துட்டு இருக்காங்க. சின்னவ எழுதறான்னு சொன்னேன். வந்ததும் படிச்சுக் காட்டுன்னு கையைக் காட்டறாங்க."

அம்மாவுக்குப் படித்துக் காட்டுவதா? மூன்று மாதத்துக்கு ஒரு வீடு என்று, பண்டபாத்திரம் பங்கு போடுகிற மாதிரி எழுதியதையா?

"அழிச்சுடுங்க மேடம், சீக்கிரம்! 'எனக்கு மட்டும்'னு அழுத்திடாதீங்க, 'எல்லாருக்கும்'! தப்பா அழுத்தினா உங்க போன்ல மட்டும்தான் அழியும், அவங்ககிட்ட அப்படியே இருக்கும்."

"எல்லாருக்கும் அழிச்சாலும், அழிச்சுட்டான்னு ஒரு வரி நிக்கும்ல?"

"நிக்கும்."

அந்த வரியை அக்கா என்னவென்று படித்துக் காட்டுவாள்? சின்னவ எதையோ எழுதினா, மறைச்சுட்டா என்றா? அவள் செய்தியை அழுத்திப் பிடித்தாள். குரூப்பில் எல்லோரும் படித்தால்தான் நீல டிக் வரும், யார் படித்தார்கள் என்று உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும். போய்ப் பார்த்தாள். அண்ணன் படிக்கவில்லை. அக்கா படித்துவிட்டாள்.

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டு பேரும் ஒரே திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வயல், மின்கம்பம், சிமென்ட் கிடங்கு. டைப்பிங் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. இப்போதுதான் சின்னவளுக்கு உறைத்தது, அந்தப் பக்கம் இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று. பெற்றவள் அரை நாள் பார்த்திருக்கிறாள்.

எழுத்து வரவில்லை. குரல் பதிவு வந்தது. பக்கத்து சீட்டுக்காரி தன் இயர்போனை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, வாழ்க்கையில் முதல்தடவையாக, வேறு பக்கம் பார்த்தாள்.

முதலில் வெறும் மூச்சு. அக்கா பின்னாலிருந்து, "பேசும்மா, பேசு" என்றாள். அப்புறம் அம்மா. குழறும் நாக்கைப் பல் இடுக்கில் பிடித்து நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக வெளியே தள்ளினாள்.

"நீ... தூ...ங்கு. அம்மா... இங்க."

அவ்வளவுதான். மூன்று மாதம், ஒண்ணாம் தேதி, இதுவா அதுவா, எதற்கும் அம்மா பதில் சொல்லவில்லை. பக்கத்து சீட்டுக்காரி வேண்டாம் என்ற அந்தத் தூக்க வரிக்குத்தான் சொன்னாள். அதன் கீழே அக்கா: "பையை அவங்களே ஒரு கையால அவுக்கறாங்கடி. நீ வா. வந்து எனக்குச் சொல்லிக் குடு. எனக்குப் பயமா இருக்கு, அதான் உன் தலையில கட்டினேன்." அண்ணன் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தான். எதற்கு என்று அவனுக்கே தெரியாது. அவன் முறை வரும்போது அவனைத் தனியாகப் பிடிக்க வேண்டும்.

சின்னவள் அழுதாள். சத்தமில்லாத, களைத்த அழுகை. இறக்கிவைத்ததில் லேசாக இல்லை. கை காலெல்லாம் இன்னும் கனத்தது. அம்மாவைத் தள்ளிவிட்டோமே என்று ஒரு பக்கம் வலித்தது. இன்று ராத்திரி எழ வேண்டியதில்லை என்று இன்னொரு பக்கம் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டது.

"அம்மாவுக்கு என்னன்னு பதில் எழுதறது?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் யோசித்தாள்.

"தெரியல மேடம். இதுக்கு எங்ககிட்ட ஒண்ணும் எழுதி வெக்கல."

சின்னவள் குரூப்பைத் திறந்தாள். ஒரு எழுத்தை அழுத்தினாள், அழித்தாள். அங்கே அம்மா பார்த்துக்கொண்டிருப்பாள் என்று தெரியும். மறுபடி அழுத்தினாள், அழித்தாள். அப்படியே கொஞ்ச நேரம், எதுவும் அனுப்பாமல்.

பிறகு விரல் நின்றுவிட்டது. கை மடியில் சரிந்தது. பக்கத்து சீட்டுக்காரி போன் கீழே விழாமல் பிடித்து, திரையை அணைத்து, அவள் கைப்பைக்குள் வைத்தாள். சாய்ந்த தலைக்குத் தோளைக் கொடுத்தாள். நடத்துநர் வந்தபோது, அக்கா வீட்டு ஊரின் பெயரைக் காதோடு சொல்லி, "அங்க வந்தா எழுப்புங்க, அதுவரைக்கும் பேச்சுக் குடுக்காதீங்க" என்றாள்.