மாஸ்டரின் மூச்சு

மாஸ்டருக்கு மூச்சு வாங்குவதை முதலில் கண்டுகொண்டவர்கள் பிள்ளைகள்தான். பள்ளிக்கூட மைதானத்தில் அவர் ஊதும் விசில் பாதியில் அறுந்தது. பிள்ளைகளோடு சேர்ந்து ஓடுகிறவர், கம்பத்தில் சாய்ந்து நின்றுகொண்டு கையை மட்டும் ஆட்டினார். "மாஸ்டருக்கு வயசாயிடுச்சுடா" என்று ஒருவன் சொல்ல, அவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்தது இருமலில் முடிந்தது. சளியே வராத வறட்டு இருமல்.

மாலையானால் லேசாகக் காய்ச்சல். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டியிருந்தது. மனைவி தபால் அலுவலகத்தில் பார்சல் பிரிவில் இருந்தாள். எடை போட்டுப் போட்டுப் பழகிய கண். "நீங்க பாதியாயிட்டீங்க" என்றாள். வெயில், அலைச்சல் என்று அவர் மழுப்பினார். அவளுடைய அண்ணன் மருந்துக்கடை வைத்திருந்தார். அவர் கொடுத்த இருமல் மருந்தும் ஆன்டிபயாடிக்கும் வாயைக் கசக்க வைத்ததோடு சரி. ஒரு மாதம் இப்படியே ஓடியது. ஒருநாள் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போதே மூச்சு முட்டி அவர் குளியலறை வாசலில் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் அவள் யாரையும் கேட்கவில்லை, ஆட்டோ பிடித்தாள்.

மார்பு நோய்ப் பிரிவின் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும், நடுப்பகுதியில், கண்ணாடியில் ஊதிய மாதிரி ஒரு மங்கல். அவ்வளவுதான். விரலில் மாட்டிய ஆக்சிஜன் கருவி தொண்ணூற்று நான்கு காட்டியது. பயப்பட வேண்டிய எண் இல்லை. ஆனால் எதிரே இருந்த ஆள் ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், வாங்க, சின்னதா ஒரு நடை போயிட்டு வரலாம்."

கருவியைக் கழற்றாமலே வராந்தாவில் நடத்தினாள். மருந்து கொடுக்கும் ஜன்னல் வரை போவதற்குள் எண் சரசரவென்று இறங்கியது. திரும்பி வரும்போது எண்பத்து மூன்று. உதடு நாவல் நிறத்துக்கு மாறியிருந்தது. டாக்டரம்மா சட்டென்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உட்கார்ந்திருந்தா சமாளிக்குது. நாலு எட்டு வெச்சா கைவிட்டுடுது" என்றாள். பிறகு டார்ச் அடித்து வாயைப் பார்த்தாள். நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் அப்பியது போல வெள்ளை.

மனைவியை அட்மிஷன் போட அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினாள். "உங்ககிட்ட நேரடியாவே கேக்கறேன். எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கணும். எடுக்கலாமா?"

மாஸ்டர் தரையைப் பார்த்தார். "எடுங்க" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. அதிலேயே அவளுக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது.

மாலைக்குள் மீதியும் கிடைத்தது. எச்.ஐ.வி. இருந்தது. எதிர்ப்பு சக்தியின் அணுக்கள் ஐந்நூறுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தொன்று. மணிக்கட்டில் குத்தி எடுத்த ரத்தத்திலும் ஆக்சிஜன் மிகக் குறைவு. சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை.

"இது நியூமோசிஸ்டிஸ்னு ஒரு பூஞ்சைக் கிருமி" என்று டாக்டரம்மா படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து சொன்னாள். "நல்லா இருக்கறவங்க நுரையீரல்ல இது வாலாட்டாது. சக்தி தரைமட்டமானாதான் தலைதூக்கும். மருந்து இருக்கு, பிழைச்சுக்கலாம். ஆனா வீட்டம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும். அவங்களுக்கும் டெஸ்ட் எடுக்கணும்."

"நீங்களும் பக்கத்துல இருங்க டாக்டர்."

அவர் சொன்னபோது டாக்டரம்மா இருந்தாள். மாஸ்டர் ஆக்சிஜன் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டு, விட்டு விட்டுச் சொன்னார். மனைவி கேட்டுக்கொண்டே, கழுவிய டம்ளரை மறுபடி எடுத்துக் கழுவினாள்.

"எப்ப?" என்றாள்.

"எட்டு வருஷம் இருக்கும். வெளியூர்ல பயிற்சிக்குப் போயிருந்தேன்ல. அப்ப."

"பாப்பா மூணாவது படிச்சா அப்ப" என்றாள் அவள். டாக்டரம்மா மருந்தைப் பற்றி விளக்கினாள்: நரம்பு வழியாக ஒரு மருந்து, அது கிருமியைக் கொல்லும்; கூடவே ஸ்டீராய்டு மாத்திரை, அது ரொம்ப முக்கியம், ஒரு வேளைகூட விடக் கூடாது. மனைவி தலையாட்டினாள். ஆனால் 'எட்டு வருஷம்' என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

அவளுடைய ரத்தத்தில் எச்.ஐ.வி. இல்லை என்று மறுநாள் தெரிந்தது. மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. அவள் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அன்று அண்ணன் போன் செய்தார். மகள் பாப்பா அவர் வீட்டில்தான் இருந்தாள். மாப்பிள்ளைக்கு நிமோனியா என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

"என்னென்ன மருந்து குடுக்கறாங்க? படிச்சுச் சொல்லு."

அவள் கட்டிலில் தொங்கிய மருந்து அட்டையைப் பார்த்துப் படித்தாள்.

"ஸ்டீராய்டா? காய்ச்சக்காரனுக்கு எவனாவது அதைக் குடுப்பானா? இருக்கற கொஞ்ச நஞ்ச சக்தியையும் தின்னுடும் அது. என் கடைக்கு வர்றவங்களுக்கே நான் யோசிச்சுத்தான் குடுப்பேன். அதை நிறுத்தச் சொல்லு."

"டாக்டர்கிட்ட கேக்கறேன்."

"கேட்டா ஒத்துக்குவாங்களா? நீ பார்த்துக்கோ."

அவள் டாக்டரிடம் கேட்கவில்லை. சாயங்காலம் நர்ஸ் சின்னக் கிண்ணத்தில் மாத்திரைகளைக் கொண்டுவந்தபோது மாஸ்டர் கண்ணயர்ந்திருந்தார். "எழுந்ததும் குடுத்துடறேன் சிஸ்டர்" என்றாள். நர்ஸ் கொடுத்தாயிற்று என்று அட்டையில் கோடு போட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனாள். மனைவி மற்ற மாத்திரைகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஸ்டீராய்டை மட்டும் கழுவுதொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்தாள். அது கரைந்து போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். மறுநாள் காலையிலும், மாலையிலும் அதையே செய்தாள்.

மாஸ்டருக்கு இறங்குமுகம் ஆரம்பித்தது. கட்டிலில் திரும்பிப் படுப்பதே ஓட்டப்பந்தயம் போல ஆனது. மூக்குக் குழாய் போய் முகமூடி வந்தது. பேச்சு நின்று சைகை ஆனது. புது எக்ஸ்ரேயில் மங்கலாக இருந்தது பஞ்சு திணித்த மாதிரி வெளுத்திருந்தது.

டாக்டரம்மா அட்டையைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். எல்லா மருந்துக்கும் கோடு விழுந்திருந்தது. மருந்தை ஆரம்பித்த இரண்டு மூன்று நாளில் சிலருக்கு இப்படி மோசமாவது உண்டு. அதைத் தடுக்கத்தானே ஸ்டீராய்டு? அதுவும் உள்ளே போயிருக்கிறது என்றால், கிருமி இந்த மருந்துக்கு மசியவில்லையா? தன் கணிப்பே தப்பா? அவள் மனைவியை வராந்தாவுக்கு அழைத்தாள்.

"மருந்து வேலை செய்யலையோன்னு சந்தேகமா இருக்கும்மா. வேற ஒண்ணுக்கு மாத்தப் போறேன். அது கொஞ்சம் முரட்டு மருந்து, கிட்னியைப் பாதிக்கும், சர்க்கரையை ஏத்தி இறக்கும். இன்னைக்குத் தாங்கலைன்னா மூச்சு விட வைக்கற மெஷின்ல போட வேண்டி வரும். மெஷின்ல போனவங்க எல்லாரும் திரும்பி வர்றதில்லை. உங்ககிட்ட மறைக்கக் கூடாது."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மாத்த வேண்டாம்" என்றாள். "அந்த ஸ்டீராய்டை நான் குடுக்கலை."

"எத்தனை வேளை?"

"முந்தாநாள் சாயங்காலத்துல இருந்து."

டாக்டரம்மாவுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறி இறங்கியது முகத்திலேயே தெரிந்தது. பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, இனி ஸ்டீராய்டு மாத்திரை வேண்டாம், அதே வகையை ஊசியாகவே நரம்பில் போடுங்கள், இப்போதே என்றாள். பழைய மருந்து அப்படியே தொடரட்டும் என்றாள். அதற்குப் பிறகுதான் மனைவியின் பக்கம் திரும்பினாள்.

"யார் சொன்னா?"

"அண்ணன். மருந்துக்கடை வெச்சிருக்கார். சக்தியைத் தின்னுடும்னார்."

"அவர் சொன்னதுல தப்பில்லை, நோய் என்னன்னு அவருக்குத் தெரியாது. கேளுங்க. நாம குடுக்கற மருந்து கிருமியைக் கூட்டம் கூட்டமா கொல்லுது. செத்த கிருமி நுரையீரல்லயே கிடக்குது. அதைப் பார்த்து உடம்பு வெறிபிடிச்ச மாதிரி வீங்குது. காத்து போற இடமெல்லாம் நீர் கோத்துக்குது. கிருமி பாதி கொல்லும், இந்த வீக்கம் மீதியைக் கொல்லும். அந்த வீக்கத்தை அடக்கத்தான் ஸ்டீராய்டு. மூணு வாரம் குடுத்து, படிப்படியா குறைச்சு நிறுத்திடுவோம்."

"இப்ப போட்டா கேக்குமா டாக்டர்?"

"மருந்து ஆரம்பிச்ச மூணு நாளைக்குள்ள போட்டா நல்லதும்பாங்க. விளிம்புல நிக்கறோம். பாப்போம்."

டாக்டரம்மா நகரப் போனாள். மனைவி அவள் கோட்டின் ஓரத்தைப் பிடித்தாள்.

"அண்ணன் சொன்னதாலதான் செஞ்சேனா, இல்ல இவர் மேல, என் வீட்டுக்காரர் மேல இருந்த ஆத்திரத்துலயான்னு எனக்கே தெரியலை. தொட்டியில அது கரையறப்ப நான் பயப்படலை டாக்டர். அதுதான் எனக்கு இப்ப பயமா இருக்கு."

"மெஷினுக்குப் போகாம பாத்துக்கலாம், முதல்ல அதைப் பாப்போம்" என்றாள் டாக்டரம்மா.

மெஷினைக் கட்டிலின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். அவரைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். அவள் அவர் முதுகைப் பார்த்தபடி ஸ்டூலில் இருந்தாள். விலா எலும்புகள் ஏறி இறங்கின. எல்லோரும் நினைத்ததைவிட மெதுவாகத்தான் அவர் திரும்பினார். இரண்டு நாள் எதுவும் அசையவில்லை. பிறகு முகமூடியின் காற்றைக் கொஞ்சம் குறைத்தார்கள்; எண் இறங்கவில்லை. இன்னும் குறைத்தார்கள். ஒருநாள் காலை அவர் முகமூடியை ஒதுக்கிவிட்டு, "பாப்பாகிட்ட என்ன சொன்னே?" என்று ஒரே மூச்சில் கேட்டார். மெஷினை யாரோ தள்ளிக்கொண்டு போனார்கள்.

மருந்து அவரை எளிதில் விடவில்லை. உடம்பெல்லாம் தடித்தது, எது கொடுத்தாலும் குமட்டியது. ஸ்டீராய்டால் பசி மட்டும் பேய் போல வந்து, முகம் உப்பியது. இரண்டாவது வாரத்தில் எச்.ஐ.வி.க்கான மாத்திரையையும் தொடங்கினார்கள். அதை ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும். கிருமியைக் கொன்ற மருந்தையும், குறைந்த அளவில், சக்தி தேறும்வரை தினமும் எடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு அறையில் இரண்டு பேர் படுத்தார்கள். வேளாவேளைக்கு அவள் மாத்திரையைத் தண்ணீரோடு கொண்டுவந்து வைத்தாள், விழுங்குகிறவரை நின்றாள், போனாள். பேச்சு தேவைக்கு மட்டும். அண்ணன் வந்து, "நான் சொன்னது சரியா போச்சா?" என்று கேட்டபோது, "ஆமாண்ணா" என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையின் நோய் அவருக்கு இன்றுவரை தெரியாது.

ஒரு மத்தியானம் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக்கு விடுப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அவள் துணி மடித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில உங்க மாத்திரையைக் கொட்டினது நான்தான். உங்களுக்கு மோசமானது அதனாலதான்."

பேனா நின்றது. தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"ஏன் சொல்றே? எனக்குத் தெரிஞ்சிருக்கப் போறதே இல்லையே."

"நீங்க சொன்னீங்கல்ல. நானும் சொல்லிட்டேன்."

"வேணும்னே செஞ்சியா?"

"தெரியலை" என்றாள். "தெரிஞ்சா சொல்றேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாரா, வியர்வையைத் துடைத்துக்கொண்டாரா என்று அவள் பார்க்கவில்லை. மடித்த துணிகளை அலமாரியில் அடுக்கும்போது அவருடைய சட்டைகளைத் தனியாக வைக்கப் போனவள், கொஞ்சம் யோசித்துவிட்டு, பழைய இடத்திலேயே வைத்தாள். பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.