புதன்கிழமை மாலைக்குள்

எங்கள் அலுவலகத்தில் யாரும் தேதி சொல்லக் கூடாது. எங்கும் எழுதி ஒட்டிய விதி இல்லை, மேனேஜர் வாயால் போட்ட விதி. வீட்டுச் சாமான்களை ஆன்லைனில் விற்கும் கம்பெனி எங்களுடையது. அதில் குறை கேட்கும் பிரிவில் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு திட்டு வாங்குவதற்குச் சம்பளம் வாங்குகிறோம். பணம் எப்போது திரும்ப வரும் என்று யார் கேட்டாலும் "விரைவில்" என்று சொல்ல வேண்டும். தேதி சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்பது அவர் வாதம். அதனால் அவருக்கே 'விரைவில்' என்று பெயர் வைத்துவிட்டோம். அவருக்கு அது இன்னும் தெரியாது.

எனக்குப் பக்கத்து இருக்கையில் இருப்பவளுக்கு 'நிதானம்' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவன் நான்தான், எரிச்சலில் வைத்தது. நான் நாலு அழைப்பு முடிக்கும் நேரத்தில் அவள் ஒன்று முடிப்பாள். என் சுபாவம் வேறு. எதிரே கத்தினால் எனக்கும் ஏறிவிடும், மியூட் பட்டனை அழுத்திவிட்டு நானும் கத்துவேன். அவளோ யார் கத்தினாலும் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டே கேட்பாள். பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு திங்கட்கிழமை அவளுக்கு வந்த அழைப்பில் ஒரு பெண் கத்தவில்லை. கத்திக் களைத்துப்போன குரல். அவளுடைய அப்பா இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் இருக்கிறார். வீட்டில் அவரைக் கிடத்த, தலைப்பக்கமும் கால்பக்கமும் பட்டனை அழுத்தினால் உயரும் கட்டில் ஒன்றை எங்களிடம் வாங்கியிருந்தாள். கட்டில் அறைக் கதவுக்குள் நுழையவில்லை. திருப்பி அனுப்பிவிட்டாள். கட்டில் எங்கள் கிடங்குக்குப் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. பணம்தான் அவளிடம் போய்ச் சேரவில்லை. வாரக்கணக்கில் கூப்பிட்டிருக்கிறாள். எடுத்த ஒவ்வொருவரும், நான் உட்பட, திரையைப் பார்த்துவிட்டு "ரீஃபண்ட் முடிந்தது என்று காட்டுகிறது, வங்கியில் கேளுங்கள்" என்று சொல்லியிருக்கிறோம். வங்கி அவளை எங்களிடமே திருப்பி அனுப்பியிருக்கிறது. பந்தாடிவிட்டோம்.

வியாழக்கிழமை காலை அப்பாவை வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள். சிறிய அளவுக் கட்டில் வேறொரு கடையில் இருக்கிறது. புதன்கிழமை மாலைக்குள் முழுப் பணமும் கட்டினால் வியாழன் விடியற்காலையில் கொண்டுவந்து பொருத்திவிடுவார்கள். கையில் வேறு பணம் இல்லை, எல்லாம் மருத்துவமனைக்குப் போய்விட்டது. இதைச் சொல்லிவிட்டு அவள், விரைவில் என்று மட்டும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாளாம்.

நிதானம் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. மதியத்துக்குள் தானே கூப்பிடுவதாகச் சொல்லி, வங்கிக் கணக்கு எதையாவது சமீபத்தில் மாற்றினீர்களா என்று மட்டும் கேட்டாள். மாற்றியிருந்தாள். வேலை மாறியபோது பழைய கணக்கை மூடிவிட்டு வேறு வங்கியில் புதிதாகத் தொடங்கியிருந்தாள். நிதானம் பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள். எங்கே என்று கேட்டேன். மாடிக்கு என்றாள். மாடியில் கணக்குப் பிரிவு. எங்கள் பிரிவிலிருந்து அங்கே யாரும் போனதில்லை, அவர்களும் இறங்கி வந்ததில்லை. நடுவில் ஒரே ஒரு படிக்கட்டுதான்.

எனக்கும் கால் சும்மா இருக்கவில்லை, பின்னாலேயே போனேன். கணக்கர் முதலில் முகம் கொடுக்கவில்லை. திரையில் 'முடிந்தது' என்றிருக்கிறதே, அப்புறம் என்ன என்றார். அவள் வாதாடவே இல்லை. "சார், அது நாம அனுப்பிட்டோம்னு சொல்லுது. போய்ச் சேந்துச்சான்னு சொல்லலையே. திரும்பி வந்த பணம் எங்க நிக்கும், அத மட்டும் காட்டுங்க" என்றாள்.

பணம் சஸ்பென்ஸ் கணக்கில் நின்றது. யாருடையது என்று தெரியாமல் வரும் பணத்தையெல்லாம் அங்கேதான் நிறுத்தி வைப்பார்கள். நாங்கள் அனுப்பியது மூடிய கணக்குக்குப் போயிருக்கிறது. அந்த வங்கி ஏற்காமல் திருப்பியிருக்கிறது. திரும்பும்போது எங்கள் ஆர்டர் எண் வரவில்லை, வங்கியின் குறிப்பு எண் மட்டும் வந்திருக்கிறது. அதனால் யாரும் அதை இந்தக் கட்டிலோடு பொருத்திப் பார்க்கவில்லை. தொகையையும் தேதியையும் வைத்துத் தேடி, பிறகு அந்தக் குறிப்பு எண்ணை நாங்கள் அனுப்பிய பட்டியலோடு ஒத்துப்பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. இத்தனை நாளாக நாங்கள் வாய் கூசாமல் 'முடிந்தது' என்று சொல்லிக்கொண்டிருந்த பணம், எங்கள் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்தத் திரையை உடைக்கலாம் போலிருந்தது.

அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். இனி என்னென்ன செய்ய வேண்டும், ஒவ்வொன்றையும் செய்வது யார், அவர் எப்போது இருப்பார்? புதிய கணக்கு அந்தப் பெண்ணின் பெயரில்தான் இருக்கிறது என்பதற்கு பாஸ்புக்கின் முதல் பக்கம் வேண்டும். கணக்கர் சரிபார்த்துப் பதிவு செய்வார். நிதித் தலைவர் ஒப்புதல் தருவார். ஒருவரே இரண்டையும் செய்ய முடியாது. ஒப்புதல் விழுந்தால் அன்றே பணம் போய்விடும். நாளைக்கே முடிந்துவிடும் என்றார் கணக்கர். அவள் அதை அப்படியே விழுங்கவில்லை. தலைவர் ஒரு நாள் வராமல் போனால்? சரி, புதன் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். தேவைப்பட்டால் உங்கள் பெயரைச் சொல்லலாமா என்று அவள் கேட்டதற்கு, கொஞ்சம் யோசித்துத்தான் தலையாட்டினார்.

கீழே வந்து அவள் பேசியதை நான் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டேன்.

"உங்க பணம் இப்ப எங்ககிட்டதாங்க இருக்கு. முடிஞ்சுதுன்னு நாங்க சொன்னது தப்பு. நீங்க மூடின பழைய கணக்குக்கு அனுப்பினோம், அந்த பேங்க் திருப்பி அனுப்பிடுச்சு. திரும்பி வந்தத நாங்க கவனிக்கல. உங்கமேல ஒரு தப்பும் இல்ல. இப்ப உங்க புது பாஸ்புக் முதல் பக்கம் மட்டும் வேணும். எங்க மெயில்லேருந்து ஒரு லிங்க் வரும், அதுல போடுங்க. ஓடிபி, ரகசிய நம்பர் எதுவும் யார் கேட்டாலும் குடுக்காதீங்க, நான் கேட்டாலும். புதன்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பணம் உங்க கணக்குல இருக்கும். நடுவுல ஏதாவது தடங்கல்னா நீங்க கூப்பிட வேண்டாம், நானே கூப்பிடுவேன்."

பேசியதை அப்படியே மெயிலிலும் எழுதி அனுப்பினாள். அடியில் தன் பெயரையும் நேரடி எண்ணையும் போட்டாள். இத்தனை வருஷத்தில் எங்கள் பிரிவிலிருந்து அப்படி ஒரு மெயில் போனதாக எனக்கு நினைவில்லை. அழைப்புகளைக் கண்காணிக்கும் மேனேஜருக்கு அது தெரியாமல் இருக்குமா? அறைக்குக் கூப்பிட்டார். போய்விட்டு வந்தவளிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். "தேதி சொன்னது நீ, நீயே பாத்துக்கோன்னாருண்ணே. பாத்துக்கறேன்னுட்டேன்" என்றாள்.

செவ்வாயன்று பாஸ்புக் வந்தது, சரிபார்ப்பு முடிந்தது, பதிவும் ஏறியது. நிதித் தலைவர் வரவில்லை. புதனும் வரவில்லை. பல்வலி. பல் மருத்துவரிடம் போயிருக்கிறார், இடத்தைக் கணக்கர் சொன்னார், கைபேசி அணைந்திருக்கிறது. அவர் கைபேசியிலிருந்தே ஒப்புதல் தரலாம், ஆனால் அவருக்குப் பதிலாக வேறு யாரும் தர முடியாது.

நானாக இருந்தால் இந்த இடத்தில் கையைக் கழுவிவிட்டு சாப்பிடப் போயிருப்பேன். அவள் முதலில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். பணம் இன்னும் வரவில்லை, ஒரே ஒரு ஒப்புதல் பாக்கி, நாளும் நேரமும் மாறவில்லை, கிளம்பிப் போய் வாங்கப் போகிறேன் என்று சொன்னாள். பிறகு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். கம்பெனி வேலையைச் செய்ய சொந்த லீவு. எனக்கு வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. என் பைக் சாவியை எடுத்துக்கொண்டு, ஏறும்மா என்றேன்.

பல் மருத்துவரின் வரவேற்புக் கூடத்தில் கன்னம் வீங்கிய நாலைந்து பேர் ஒரு பழைய டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ட்ரில் ஓடும் சத்தத்தில் எனக்கே பல் கூசியது. அவள் கையில் காகிதங்களோடு நேராக உட்கார்ந்திருந்தாள். மணி நாலைத் தாண்டியபோது நிதித் தலைவர் ஒரு பக்கம் வாய் கோணி, பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் ஆள் மிரண்டுவிட்டார். அலுவலகம் எரிந்துவிட்டதோ என்று நினைத்திருப்பார்.

அவள் எழுந்து நின்று சுருக்கமாகச் சொன்னாள். யாருடைய பணம், ஏன் திரும்பி வந்தது, யார் சரிபார்த்தது, ஏன் இன்றே போக வேண்டும். கெஞ்சவில்லை, அழுகைக் கதை எதுவும் சேர்க்கவில்லை. அந்த மனிதரும் லேசுப்பட்டவர் இல்லை. வாய் மரத்திருந்தும் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு காகிதமாகப் பார்த்தார். பாஸ்புக்கில் இருந்த பெயரையும் ஆர்டரில் இருந்த பெயரையும் விரலால் தொட்டு ஒப்பிட்டார். பழைய பணம் உண்மையிலேயே திரும்பியதா என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கேட்டார். வங்கிக் குறிப்பைக் காட்டினாள். கைபேசியைப் போட்டு, திரும்பி உட்கார்ந்து ரகசிய எண்ணை அழுத்தினார். பிறகு எங்களிடம் ஏதோ சொன்னார். பஞ்சில் ஒரு வார்த்தையும் புரியவில்லை. நல்ல வார்த்தைதான் என்று இரண்டு பேரும் எடுத்துக்கொண்டோம்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், பணம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று கணக்கர் கூப்பிட்டுச் சொன்னார். இந்தத் தடவை சேர்ந்ததா என்பதையும் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். நிதானம் தெருவில் பைக் பக்கத்தில் நின்றபடியே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். இரைச்சலாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். குறிப்பு எண்ணைச் சொல்லி, கணக்கில் தெரிகிறதா பாருங்கள் என்றாள்.

பிறகு, வந்துவிட்டது, இதோ அந்தக் கடைக்குக் கட்டிவிடுகிறேன் என்று குரல் வந்தது. தாமதத்துக்கு நிதானம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். அந்தப் பெண் முடிக்க விடவில்லை.

"ஏங்க, நீங்க புதன்னு சொன்னீங்கல்ல, அத நம்பி திங்கக்கிழமை ராத்திரியே அப்பாவோட பழைய கட்டில கழட்டி, கேட்டவங்களுக்குத் தூக்கிக் குடுத்துட்டோம். அந்த ரூம் இப்ப காலியா இருக்குங்க."

நாளைக்குக் கட்டிலைப் பொருத்தியதும் எனக்குச் சொல்லுங்கள் என்றாள் நிதானம். கைபேசியை அணைத்துவிட்டு நடைபாதை ஓரமாக உட்கார்ந்தாள். கையிலிருந்த காகிதங்களை மடியில் வைத்து ஒவ்வொன்றாக அடுக்கினாள். இந்தப் பெண்ணுக்கா எரிச்சலில் பெயர் வைத்தேன் என்று தோன்றியது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் அடுக்கி முடிக்கும்வரை காத்திருந்தேன்.