இருபதாம் தேதிக்குள் பதில்

டமார் என்று கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் பத்திரிகை ஆசிரியர்.

"தேதியைத் தள்ளிப் போடும்மா! நம்ம நட்சத்திர எழுத்தாளர் இன்னும் ஒரு வரிகூட எழுதலையாம். அவர் கட்டுரை இல்லாம வாசகர் கட்டுரைகளைப் போட முடியாது."

உதவி ஆசிரியை கணினியிலிருந்து நிமிர்ந்தாள். இணைய இதழில் 'உங்கள் வீட்டுக் கதை' என்று வாசகர்களிடம் கட்டுரை கேட்டு அறிவிப்புப் போட்டவளே அவள்தான். எண்ணூறு சொற்களுக்கு மிகாமல், வேறெங்கும் வெளிவராததாக, பத்தாம் தேதி மாலை ஐந்து மணிக்குள். கடைசியாக ஒரு வரி: இருபதாம் தேதிக்குள் பதில் வராவிட்டால் தேர்வாகவில்லை எனக் கொள்ளவும்.

"சார், ஒரு அம்மா ரெண்டாம் தேதியே அனுப்பிட்டாங்க. படுத்த படுக்கையா இருக்காங்களாம். 'என் முதல் எழுத்து, வருமா வராதான்னு தெரிஞ்சுக்கணும்'னு கேட்டிருக்காங்க. அவங்களுக்கு மட்டும் இப்பவே சொல்லிடட்டுமா?"

"ஒருத்தருக்குச் சொன்னா நாளைக்கு ஊரே டாக்டர் சீட்டோட வரிசையில நிக்கும். எல்லாருக்கும் ஒரே நாள்தான்!"

அவள் அறிவிப்பைத் திறந்து, பத்தை இருபத்தைந்தாகவும், இருபதை அடுத்த மாதம் ஐந்தாகவும் மாற்றினாள். மேலே சிவப்பில் 'கால நீட்டிப்பு' என்று போட்டாள். வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போனாள். ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள் அந்தப் பக்கத்தை மறுபடி எதற்காகத் திறந்து பார்க்கப்போகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

ஐந்தாம் தேதி காலையில் முதல் மெயில் அந்த அம்மாவுக்குத்தான். 'உங்கள் கட்டுரை தேர்வாகியுள்ளது' என்று அனுப்பிவிட்டு, அன்றைக்குத்தான் அவளுக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

அரை மணி நேரத்தில் போன் அடித்தது. வயதான ஆண் குரல்.

"மெயில் வந்துச்சும்மா. நான் அவ வீட்டுக்காரர். அவ போய் எட்டு நாளாச்சு."

அவள் திரையில் அந்த மெயிலைத் திரும்பப் பார்த்தாள்.

"தப்பா நெனச்சுக்காதம்மா, சண்டை போடக் கூப்பிடலை. இருபதாம் தேதி பூரா போனைக் கையிலயே வெச்சிருந்தா. சாயந்தரம் என்கிட்ட நீட்டி, 'எடுத்து வைங்க, நமக்கெல்லாம் எழுத வராது'ன்னா. அப்புறம் அதப்பத்திப் பேசவே இல்லை. நான்கூட, 'விடு, அவங்களுக்கு ரசனை இல்லை'ன்னு உங்களத் திட்டினேன்." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"தேதியை மாத்தினோம், ஐயா. அனுப்பினவங்களுக்கெல்லாம் தனியா எழுதியிருக்கணும். நான்தான் எழுதலை."



"ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா. இது நல்லாருக்குன்னு நீ எப்ப முடிவு பண்ணே?"

பொய் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். முடியவில்லை.

"வந்த அன்னைக்கே, ஐயா. முதல் பத்தி முடியறதுக்குள்ளயே."