வூபருக்கு ஒரே வயர்

எஸ்டேட் மாதா கோயிலில் எந்தப் பாட்டானாலும் முதல் வரியைப் பாடகர் குழு துணையில்லாமல் பாடும். இரண்டாம் வரியில் கீபோர்டு சேரும். ஈஸ்டரிலிருந்து அது சரியாகச் சேரவில்லை.

திருவிழாவுக்கு முந்தின நாள் ஒத்திகையில் குழுவை நடத்தும் ஜோஸ்லின் டீச்சர் கையை இறக்கினாள்.

“ஈவ்லின், உன்ற பொட்டி சுருதி கீழ நிக்குது கண்ணு.”

“கீபோர்டு இறங்காதுங்க டீச்சர். அதுல கம்பியே கெடையாது.”

“அப்ப நாங்க அத்தன பேரும் ஏறிட்டமா?”

ஆம் என்பதுதான் பதில். ஈவ்லின் கீபோர்டின் ஒலியைக் குறைத்தாள்.

“நாளைக்கு நீ வாசிக்க வேண்டாம். பிஷப் வர்றாரு. நாங்க சும்மாவே பாடிக்கறோம்.”

ஈவ்லின் எட்டாம் வகுப்பிலிருந்து அங்கே வாசிக்கிறாள். இப்போது கல்லூரி. ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தத் தொடங்கினாள்.

அப்போது தனபால் உள்ளே வந்தான். ஏற்காட்டு ஹோம்ஸ்டேக்களில் டிவியும் ஹோம் தியேட்டரும் மாட்டுகிறவன். திருவிழாவுக்கு வெளியே ஒரு ஸ்பீக்கர் கட்ட அவனை பென்னி வரச் சொல்லியிருந்தான். பென்னி பக்கத்து ஊரான மஞ்சக்குட்டைக்கு ஜீப் ஓட்டுகிறான். கோயிலின் சவுண்டு அவன் பொறுப்பு.

“ஏனுங்க, அது என்ன சத்தமுங்க?” என்றான் தனபால்.

“எது?” என்றாள் ஜோஸ்லின்.

“ம்ம்முன்னு ஒண்ணு.”

எல்லோரும் காதுகொடுத்துக் கேட்டார்கள். யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. தனபால் பீடத்துக்குப் பின்னால் போய், அடிச்சத்தம் தரும் வூபர் பெட்டியின் முதுகிலிருந்து வயரைப் பிடுங்கினான்.

கோயிலிலிருந்து ஏதோ வெளியேறியது.

“கரண்டு போயிருச்சா?” என்றார் மணியடிக்கும் ஆரோக்கியதாஸ். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

தனபால் வயரைத் திரும்பச் சொருகினான். ம்ம். மறுமுனையை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றினான். ம்ம் இன்னும் பெரிதானது.

“ஆம்ப்ளிஃபையர் மேல தப்பில்ல. வயருதான் இரைச்சலப் பிடிக்குது. யாரு போட்டது?”

“நாந்தான்” என்றான் பென்னி. “வூபர் முன்னாடி இருந்தா பூச்சாடி வெக்க எடமில்லைன்னாங்க. ஈஸ்டருக்குப் பின்னாடி தள்ளினேன். நீளம் பத்தல. ஊட்டுல பழைய டிவிடி வயரு ரெண்டு இருந்துது. சேத்துட்டேன்.”

அது சிவப்பும் வெள்ளையும் ஒட்டிய மெல்லிய ஸ்டீரியோ வயர். சிவப்பு சொருகியிருந்தது. வெள்ளை தொங்கியது.

“வெள்ள எதுக்குடா?”

“ரெண்டு இருந்தா நல்லதுதான?”

“வூபருக்கு வர்றது ஒரே சேனல். வெள்ள உன்னைய மாதிரி சும்மா நிக்குது.” தனபால் பேனாக்கத்தியால் சிவப்பைக் கீறிக் காட்டினான். நடுக்கம்பியைச் சுற்றிச் செம்பு இழைகள் நாலைந்து. “வெளி இரைச்சலுக்கு இதுதான் காவல். டிவிடிக்கும் டிவிக்கும் நடுவுல ஒரு முழத்துக்குப் போதும். நீ டியூப்லைட் வயரோட சேத்துக் கட்டி செவுரு பூராம் இழுத்திருக்கற. ஆம்ப்ளிஃபையர்ல இருந்து வர்ற சிக்னல் நொம்பச் சின்னது. லைட்டு வயரோட இரைச்சல் அதுல ஏறிக்குது. வூபர் ரெண்டையும் பெருசாக்கும்.”

“மத்த ஸ்பீக்கர்ல வரலியே?” என்றான் பென்னி.

“அதுக்குப் போறது பெரிய சிக்னல். இந்த இரைச்சல் அதுங்கிட்ட எடுபடாது. வூபருக்குன்னா இவ்வளவு அடியில இருக்கற சத்தந்தான் சோறே.”

ஈவ்லின் ஸ்டாண்டை விட்டுவிட்டு வூபருக்கு அருகே போனைப் பிடித்தாள். சுருதி காட்டும் செயலியில் ஊசி ‘ஜி’ ஸ்வரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றது. கீபோர்டில் ஜியை அழுத்தினாள். ஊசி நடுவுக்கு வந்தது. போனை ஜோஸ்லினிடம் காட்டினாள்.

அந்தக் குழுவின் பாட்டுகள் எல்லாமே ஜியில்தான்; ஈஸ்டரிலிருந்து இந்த ம்ம்மில்தான்.

“நான் எப்பவும் மனசுல இருந்துதான் சுருதி எடுப்பேன்” என்றாள் ஜோஸ்லின்.

“ஆமாங்க டீச்சர்.”

“பதினெட்டு வருசமா.”

“ஈஸ்டருக்கு முன்னாடி சரியாத்தாங்க இருந்துது.”

தனபால் தன் வண்டியிலிருந்து வேறொரு வயரைக் கொண்டுவந்தான். தடிமனான ஒற்றை வயர், இரு முனையிலும் ஒவ்வொரு பின். உள்ளே நெருக்கமான செம்பு வலை, அதற்கடியில் வெள்ளித்தாள். அதை எதிர்ச்சுவர் வழியாக இழுத்தான். ஓரிடத்தில் மட்டும் லைட்டு வயரைக் குறுக்காகக் கடக்கவிட்டான். சொருகினான். ஒன்றும் கேட்கவில்லை.

பென்னி பழைய வயரிலிருந்து வெள்ளையைப் பிரித்துச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

“நாளைக்கு நான் வரட்டுங்களா டீச்சர்?” என்றாள் ஈவ்லின்.

“பாக்கலாம். மொதல்ல பாடிப் பாக்கறோம்.”

குழு நிமிர்ந்து நின்றது. ஜோஸ்லின் கையை உயர்த்தினாள். கை மேலேயே நின்றது. முன்வரிசையில் சாந்தாமேரி ஒரு சுருதியில் வாயெடுத்தாள், பக்கத்தில் இருந்தவள் வேறொன்றில். இருவரும் நிறுத்தினார்கள். வெளியே காப்பித் தோட்டத்தில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். அது எந்தச் சுருதி என்றும் தெரியவில்லை.

ஜோஸ்லின் கையை இறக்காமல் தலையை மட்டும் திருப்பினாள்.

“கண்ணு, ஒரு ஜி குடு.”

ஈவ்லின் முதலில் ஸ்டாண்டின் திருகை இறுக்கினாள். பிறகு கொடுத்தாள்.

மறுநாள் பூசை முடிந்து பிஷப் பாட்டு நன்றாயிருந்ததாகச் சொன்னார். ஆரோக்கியதாஸுக்கு மட்டும் குறை. கோயிலில் யாரோ வராத மாதிரி இருக்கிறது என்றார்.