ஜெனோவா எங்கிருந்து வந்தது

மாலைக் கல்லூரியில் சரித்திரம் நடத்தும் டீச்சருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் சல்லடை. அவருக்கும் அது தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை கூட. காசு கொடுத்து வாங்கிய கட்டுரையை அவர் கண்டுபிடிக்காமல் விட்டதில்லை. அப்படி வாங்குகிறவர்களும் சும்மா சொல்லக்கூடாது, பயங்கர அசட்டுத் துணிச்சல்காரர்கள். ஒரு மகாராசன் போன வருஷம் விற்றவனின் வாழ்த்துச் செய்தியோடு சேர்த்தே கட்டுரையைக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஆனால் இந்தத் தடவை சல்லடைக்குத் தூக்கம் வரவில்லை. மாட்டியிருப்பது மருந்துக்கடைப் பெண்.

பகலெல்லாம் மருந்துக்கடையில் நின்றுவிட்டு, கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஓடி வந்து வகுப்பில் உட்காருகிறவள். கடைசி பெஞ்ச். வாயே திறக்கமாட்டாள். வகுப்பில் வைத்த தேர்வில் எழுதிய பதில் ஒன்றும் வாயில் வைக்கிற மாதிரி இல்லை. அப்படிப்பட்டவள் கருப்பு மரணம் என்கிற கொள்ளைநோயைப் பற்றி எழுதிக் கொடுத்த கட்டுரையோ, யாரோ மேடையேறிப் பேசுகிற மாதிரி ஓடியது. ஒரே மாதத்தில் ஒரு ஆளுக்கு இவ்வளவு மாற்றமா?

நகல் பார்க்கும் மென்பொருள் எதையும் காட்டவில்லை. அதில் ஆறுதல்பட ஒன்றும் இல்லை. புதிதாக எழுதி விற்கிற கட்டுரை எந்த இடத்தோடும் ஒத்துப்போகாது. கோப்பின் விவரத்தைத் திறந்தால், எழுதியவர் என்ற இடத்தில் ஓர் ஆணின் பெயர். அதற்கும் மேலே ஒன்று. நோய் வந்த ஊர்களிலிருந்து வருகிறவர்களை ஒரு மாதம் வெளியே நிறுத்திவைக்கும் சட்டத்தை 1377-ல் போட்டது இத்தாலியத் துறைமுகமான ஜெனோவா என்று எழுதியிருந்தாள். போட்டது ரகுசா என்ற வேறொரு துறைமுக நகரம். டீச்சர் சிவப்பு மையில் அடித்து, "எந்தப் புத்தகத்திலும் இல்லாத புளுகு" என்று ஓரத்தில் எழுதினார். அந்தப் பத்திக்கு அடிக்குறிப்பும் கிடையாது. அவசரத்தில் எழுதி விற்பவன் கைவேலைதான், வேறென்ன என்று முடிவே கட்டிவிட்டார்.

முடிவு கட்டிய பிறகுதான் அடுத்து என்ன நடக்கும் என்று யோசித்தார். வாங்கிய கட்டுரை என்று உறுதியானால் படிப்பு ரத்து. அந்தப் பெண்ணின் புருஷன் வீட்டில் இவளைப் படிக்க விட்டதே பெரிய விஷயம். இரண்டாவது முறை விடமாட்டார்கள். யாருக்கும் சொல்லாமல் மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டுவிடலாமா என்று கூட ஒரு நிமிஷம் நினைத்தார். சீ, அது இன்னும் மோசம் என்று தன்னையே திட்டிக்கொண்டு துறைத்தலைவரிடம் போனார்.

துறைத்தலைவர் நிதானமான மனிதர். "சந்தேகம் சந்தேகம்தான் மேடம், நேர்ல கேட்டுப் பாத்துடுவோம்" என்றார். எதற்காகக் கூப்பிடுகிறோம் என்பதை முன்னாலேயே சொல்லி, கட்டுரையின் ஒரு பிரதியையும் அவளிடம் கொடுத்து, படித்துவிட்டு வரச் சொன்னார்கள். மனப்பாடப் பரீட்சை வைக்கிற எண்ணம் இல்லை. எழுதினவர்களுக்கு மட்டும் தெரிகிற விஷயங்களைக் கேட்கத்தான் இந்த ஏற்பாடு.

துறைத்தலைவரின் சின்ன அறையில் மூன்று நாற்காலி. அந்தப் பெண் கடைச் சீருடையோடேயே வந்து நுனியில் உட்கார்ந்தாள். கட்டுரைத் தாளைக் கையில் வைத்திருந்தாள். முதல் பக்கத்தில் இருந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டார் துறைத்தலைவர். வார்த்தை வரவில்லை. டீச்சருக்கு மனசு பொசுக்கென்று போய்விட்டது. போச்சு, எல்லாம் முடிந்தது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பயத்தில் நாக்கு ஒட்டிக்கொள்வதும் பதில் தெரியாமல் விழிப்பதும் வேறு வேறு என்று இத்தனை வருஷத்தில் தெரியாதவரா என்ன? தெரியும். அதனால்தான் அடுத்த கேள்வியைத் தானே கேட்டார்.

"இதை எழுதும்போது எதை வெட்டிப் போட்டேம்மா? இந்தத் தாள்ல இல்லாத ஒண்ணு சொல்லு."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். ஒரு நொடி தாளைப் பார்த்தாள், பிறகு அதை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"முதல்ல, ஜனங்க மேல இரக்கப்பட்டுதான் நிறுத்தி வெச்சாங்கன்னு ரெண்டு பக்கம் எழுதினேன் மிஸ். அப்புறம் அது எனக்கே ஒட்டல. இரக்கம்னா துறைமுகத்தையே மூடியிருக்கலாமே. ஏன் மூடல? கப்பல் வராட்டி ஊருக்கே சோறு இல்ல. எங்க கடையில காய்ச்சல் பரவினப்ப முதலாளி ஷட்டரை முழுசா இறக்கவும் மாட்டார், முழுசா திறக்கவும் மாட்டார், பாதியில நிறுத்தி வெச்சிருந்தார். அந்த ஒரு மாசமும் பாதி ஷட்டர்தான்னு தோணுச்சு. ரெண்டு பக்கத்தையும் அழிச்சுட்டு மறுபடி ஆரம்பிச்சேன்."

துறைத்தலைவர் பேனாவை மூடினார். கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் இருப்பது இதே வாதம்தான், கடை மட்டும் இல்லை. ஏன் கடையை எழுதவில்லை என்று கேட்டதற்கு, சரித்திரக் கட்டுரையில் எங்கள் ஷட்டரைப் போட்டால் நீங்கள் சிரிப்பீர்கள் என்றாள். வரிசையை ஏன் மாற்றினாய், நீ படித்த புத்தகத்தை எழுதியவரோடு எங்கே ஒத்துப்போகவில்லை என்று அடுத்தடுத்துக் கேட்டார்கள். இப்போது அவள் மடை திறந்த மாதிரி பேசினாள். கோப்பில் இருந்த ஆண் பெயர் அவள் புருஷனுடைய அண்ணன். மடிக்கணினி அவருடையது, இரவல்.

டீச்சருக்குப் பாதி மூச்சு வந்தது. மீதி வரவிடாமல் ஜெனோவா குறுக்கே நின்றது.

"அதெல்லாம் சரி. ஜெனோவா எங்கேருந்து வந்துச்சு?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லலாமா கூடாதா என்று தவிக்கிறாள் என்பது நன்றாகத் தெரிந்தது.

"நீங்கதான் மிஸ் சொன்னீங்க."

டீச்சருக்குச் சுருக்கென்றது. ரகுசாவைப் பற்றி எத்தனை வருஷமாக நடத்துகிறார், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வார். நான் ஏன் அப்படிச் சொல்லப் போகிறேன் என்று ஆரம்பித்தவரை, துறைத்தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார். வேலைக்குப் போகிறவர்கள் பாடத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று அனுமதி கொடுத்ததே டீச்சர்தான். அந்தப் பெண் செல்போனை எடுத்து, தேடி, மேஜையில் வைத்தாள்.

முதலில் புரொஜெக்டரைத் திட்டுகிற குரல். டீச்சர் குரலேதான். அன்றைக்கு அந்தச் சனியன் பிடித்த புரொஜெக்டர் படுத்தியபாட்டில் அவருக்குத் தலை வெடித்துக்கொண்டிருந்தது. பிறகு அதே குரல், கணீரென்று, சந்தேகமே இல்லாமல்: "ஆயிரத்து முந்நூத்து எழுபத்தேழுல ஜெனோவா ஒரு சட்டம் போட்டுது. இங்கதான் விஷயமே இருக்கு."

இங்கதான் விஷயமே இருக்கு. கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில் "இங்குதான் விஷயமே இருக்கிறது" என்று இருந்தது. விற்பவனின் மேடைப்பேச்சு என்று அதற்கும் கோடு போட்டிருந்தார். குழந்தையைத் தூங்க வைக்கும்போது, அலமாரியில் மருந்து அடுக்கும்போது என்று இந்தப் பதிவுகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பாளாம். வீட்டில் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தபோது கேட்ட குரல் அப்படியே கையில் இறங்கியிருக்கிறது. அதுவரை யாரோ என்று தேடிக்கொண்டிருந்த மேடைப்பேச்சாளர் வேறு யாருமில்லை.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று டீச்சருக்குத் தெரியவில்லை. ஆனால் வெட்கத்தை எல்லாம் தள்ளிக்கொண்டு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், உடம்பே லேசாகிவிட்டது. விற்கிறவன் எவனும் இந்தத் தப்பைச் செய்யமுடியாது. அந்தச் சாயங்காலம், அந்த அறையில், காதைத் திறந்து வைத்திருந்த ஆளால்தான் முடியும்.

"நீயேதான் எழுதியிருக்கே. அதுல எங்களுக்கு இனிமே சந்தேகமே இல்ல" என்றார். அந்தப் பெண் முகத்தைச் சீருடைத் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

துறைத்தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அடிக்குறிப்பு போடாததற்கு என்ன செய்யலாம் என்றார். வகுப்பில் கேட்டதற்கும் அடிக்குறிப்பு உண்டு, கேட்டதைப் புத்தகத்தில் சரிபார்க்கவும் வேண்டும், அதற்கு இரண்டு மதிப்பெண் குறையும் என்று டீச்சர் கறாராகச் சொன்னார். சல்லடை சல்லடைதானே.

"அவங்களுக்கு ரெண்டு. உங்களுக்கு எத்தனை மேடம்?" என்று கேட்டார் துறைத்தலைவர்.

அந்தப் பெண் குழந்தையிடம் ஓடிய பிறகு டீச்சர் ஓய்வறைக்கு வந்து, அந்தப் புளுகு என்ற சிவப்பு எழுத்தை அடித்து, பக்கத்தில் "என் தவறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நிம்மதியாகத் தேநீரை ஒரு வாய் குடித்தார். அப்புறம்தான் பொறி தட்டியது. மீதிக் கட்டுரைகளைக் கட்டாக இழுத்து, சட்டம் வருகிற இடத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ரகுசா. ரகுசா. ரகுசா. எல்லாம் சுத்தமாக, சரியாக, ரகுசா.

புத்தகத்தைப் பார்த்துத் திருத்தியிருக்கலாம். நல்ல பிள்ளைகள் என்றால் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் வகுப்பில் நீங்கள் ஜெனோவா என்றீர்களே மிஸ் என்று ஒரு ஜீவன் கூட வந்து கேட்கவில்லையே? ஒருவேளை இவற்றை எழுதினவர்கள் அந்த வகுப்பிலேயே இல்லையோ?

மேலே இருந்த கட்டுரையை எடுத்து, ஓரத்தில் எழுதினார்: "வந்து பார். எதை வெட்டிப் போட்டாய்?"