மூன்றாவது படியில் கொப்புளம் வராது

யோசப்பை வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய பிறகுதான் எனக்கு ஹீம் தொகுப்புப் பாடம் சரியாக விளங்கியது. முன்பே விளங்கியிருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை. ஆனால் முன்பே விளங்கியிருந்தாலும் அண்ணன் சொன்னதைத்தானே நம்பியிருப்பேன் என்றும் தோன்றுகிறது.

அது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. பகலில் யட்டியாந்தோட்டை பஜாரில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தேன். மாலையில் அதே தெருவில் ஒரு மாடியில் பரீட்சைக்கான உயிர் இரசாயன மீட்டல் வகுப்பு. ஆய்வுகூடத்தில் கூட வேலை செய்த சுகந்தினியும் அதே வகுப்புதான்.

எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு அப்போது மின்சாரம் இல்லை. கார் பேட்டரியில்தான் டிவி ஓடும். ரொபர்ட் அண்ணன் பஜாரில் பேட்டரி சார்ஜ் பண்ணும் கடை வைத்திருந்தார். அதனால் எங்கள் வீட்டு டிவி மட்டும் ஒருநாளும் அணைந்ததில்லை. பொழுது சாய்ந்தால் லயமே எங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும். அந்தச் சத்தத்தில் படிக்க முடியாது. லயத்துக்குப் பின்னால், முன்பு ரப்பர் ஷீட் காய வைத்த பழைய புகையறை ஒன்று சும்மா கிடந்தது. அண்ணனே அதில் எனக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தார். மேசையில் எப்போதும் சாம்பல் நிறத்தில் ஒரு தூசி படிந்திருக்கும். பழைய புகைக்கரி என்று நினைத்துத் துடைத்துவிட்டு உட்காருவேன். கடலை கொறித்துக்கொண்டே, விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டுவது என் பழக்கம்.

பெப்ரவரியில் வயிற்று வலி தொடங்கியது. தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிழியும். மலச்சிக்கல். பிறகு ஆய்வுகூடத்தில் போத்தல் மூடியைத் திறக்கும்போது வலது மணிக்கட்டு தளர்ந்தது. இரத்தம் குறைவு என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் இரும்புக் குளிசை கொடுத்தார்கள். அது கேட்கவில்லை.

அந்த வாரம் வகுப்பில், ஹீம் உருவாவது தடைபட்டு வரும் போர்பிரியா நோய்களின் பாடம் நடந்தது. இரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் ஹீம் உருவாவது எட்டுப் படிகளில். கிளைசினும் சக்சினைல் கோ-ஏயும் சேர்ந்து ஏ.எல்.ஏ. ஆகின்றன. இரண்டு ஏ.எல்.ஏ. சேர்ந்து ஒரு பி.பி.ஜி. நான்கு பி.பி.ஜி. சேர்ந்து ஒரு நீண்ட சங்கிலி. அது மூன்றாவது படி. அந்தச் சங்கிலி போர்பிரின் வளையமாக மூடுவது நான்காவது. வளையத்தைச் செதுக்கிச் செதுக்கி, எட்டாவது படியில் நடுவே இரும்பை வைத்தால் ஹீம். முதல் படியும் கடைசி மூன்றும் உயிரணுவின் இழைமணிக்குள் நடக்கும், மற்றவை வெளியே. எந்தப் படியின் நொதியம் குறைகிறதோ அதற்கு முந்திய பொருள் தேங்கும்; நோயின் குணம் அதைப் பொறுத்தது.

சாப்பிட்ட பிறகு அண்ணனிடம் ஒப்புவிப்பது என் வழக்கம். அவருக்குப் பெயர்கள் விளங்காது. ஆனாலும் "சொல்லு ஏஞ்சல், கேக்குறேன்" என்பார்.

அன்று மூன்றாவது படியின் நோயைச் சொன்னேன். வயிற்று வலி, மலச்சிக்கல், கை கால் தளர்ச்சி, சிறுநீரை எடுத்து வைத்தால் கறுத்துவிடும், வெயில் பட்டால் தோல் கொப்புளிக்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர ஐம்பது வீத வாய்ப்பு.

"அண்ணே, இந்த வலி, மலச்சிக்கல், தளர்ச்சி எல்லாம் எனக்கு இருக்கே. மூத்திரத்த இன்னும் எடுத்து வச்சுப் பாக்கல. கொப்புளம் ஒண்ணுதான் இல்ல."

அடுத்த ஞாயிறு தேவாலயப் பூசை முடிந்து வரும் வழியில் தானாகவே ஆரம்பித்தார்.

"ஒங்கிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது. அம்மாவுக்கும் இதேதான். வயித்தப் புடிச்சிக்கிட்டு உருளும். மூத்திரம் சட்டியில இருந்தா கறுத்துப்போகும். வெயில்ல மலைக்கு வேலைக்குப் போயிட்டு வந்தா கையெல்லாம் கொப்புளம்."

அம்மா இறந்தபோது எனக்கு நான்கு வயது. அவருக்குப் பதினாறு. அவர் சொல்லித்தான் அம்மாவை எனக்குத் தெரியும்.

மறுநாள் ஆய்வுகூடத்தில் என் சிறுநீரில் ஏர்லிக் வினைப்பொருளை விட்டுப் பார்த்தேன். இளஞ்சிவப்பு வந்தது. பி.பி.ஜி. என்று முடிவு கட்டினேன். சுகந்தினிக்குக்கூடச் சொல்லவில்லை.

யோசப் பக்கத்துத் தோட்டத்து ரப்பர் தொழிற்சாலையில் ஷீட் தரம் பிரிப்பவர். எங்களுக்கு நிச்சயம் முடிந்திருந்தது. ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணம். என் பிள்ளைகளில் பாதிக்கு இதைக் கொடுப்பேன் என்று நினைத்தபோது வேறு வழி தெரியவில்லை. யோசப் ஆய்வுகூடத்துக்கே வந்து கேட்டார். "நோய் இருந்தா மருந்து குடிப்போம். அதுக்கு எதுக்கு என்னத் தொரத்துறீங்க?" நான் உள்ளே போய்விட்டேன். மோதிரத்தை அண்ணன்தான் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார். திரும்பி வந்து என் தலையைத் தடவி, "நல்ல மனசு ஒனக்கு" என்றார்.

மார்ச் கடைசியில், மீட்டல் முடியும் சமயம், சுகந்தினி என்னைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். நண்பகல், ஆய்வுகூடத்தில் ஆளில்லை.

"ஈயம் எங்கடீ அடிக்கும்?"

"ரெண்டாவது நொதியத்த. எட்டாவதையும்."

"அப்ப என்ன ஏறும்?"

"ஏ.எல்.ஏ. ஏறும். பி.பி.ஜி. பெரும்பாலும் ஏறாது, அது உருவாகுற எடத்துலதானே அடைப்பு. கடைசியில இரும்பு ஏறாததால போர்பிரின் துத்தநாகத்தோட சேர்ந்து செங்குழியத்துல தங்கும்."

"மூணாவது போனா?"

நான் பழைய ஒப்புவிப்பை அப்படியே சொன்னேன். கொப்புளம் என்றதும் அவள் சிரித்துவிட்டாள்.

"கொப்புளமா? மூணாவது படியில, வெயில் வந்து புடிக்கிற வளையமே இன்னும் மூடலியே. வெயில் எதடீ புடிக்கும், ஒன் தலையையா? கொப்புளம் அஞ்சாவது போனா. அதுக்கு வயித்துவலி கெடையாது. பரீட்சையில இத எழுதி வச்சிடாத, மானம் போயிடும்."

"ரெண்டும் சேந்து வர்றது இல்லையா?"

"இருக்கு. ஆறாவது, ஏழாவது போனா ரெண்டும் வரலாம். ஆனா அப்பவும் வலி வர்ற நேரம் பி.பி.ஜி. ஏறித்தான் இருக்கணும்."

அப்போது எனக்கு வலி இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"ஏர்லிக் போட்டியே, குளோரோஃபோம் போட்டு ஆட்டினியா?"

நான் போடவில்லை. யூரோபிலினோஜனும் ஏர்லிக்கோடு சிவக்கும். அது குளோரோஃபோமில் இறங்கிவிடும், பி.பி.ஜி. மேலே நீரிலேயே நிற்கும். பாடத்தில் இருந்தது. அம்மாவுக்கும் இருந்ததாம் என்று கேட்ட பிறகு சரிபார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மீண்டும் செய்தோம். அசிட்டேட் சேர்த்து, குளோரோஃபோம் விட்டு ஆட்டி வைத்தோம். சிவப்பு முழுவதும் அடிக்கு இறங்கியது. மேலே இருந்த நீர் தெளிவாக நின்றது. பி.பி.ஜி. இல்லை.

சுகந்தினி என் விரலில் குத்தி நேரடியாகக் கண்ணாடியில் இரத்தம் இழுத்தாள். லீஷ்மன் சாயம் போட்டுப் பார்த்தோம். வெளிறிய சின்னச் செங்குழியங்கள். அவற்றில் சிலவற்றுக்குள் நீலப் பொடி தூவியது போலப் புள்ளிகள்.

"ஈயம் ஏறினா இந்தப் புள்ளி வரும். தலசீமியா இரத்தசோகையிலயும் வரும்," என்றாள் மெதுவாக. "இரத்தத்துல ஈயம் எவ்வளவுன்னு பாக்காம சொல்ல முடியாது. ஏண்டீ, பேட்டரித் தகடெல்லாம் ஈயந்தானே, ஒங்க அண்ணன் கடையில நீ ஏதாச்சும் செய்றியா?"

"நான் அந்தப் பக்கமே போறதில்ல."

சொன்ன பிறகுதான் கொப்புளம் எனக்கு உறைத்தது. அந்தக் கொப்புளம் என் மறதியில் பிறந்தது. இரண்டு நோயை ஒன்றாகக் கலந்து சொன்னேன். நான் தப்பாகச் சொன்ன நோய் அப்படியே அம்மாவின் கையில் எப்படி வந்தது?

அரை நாள் லீவு கேட்டு வந்தேன். அண்ணன் கடை பூட்டிக் கிடந்ததால் வீட்டுக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அண்ணனுக்காகக் காரணம் தேடினேன். அம்மாவுக்கு வெயிலில் வேறு ஏதாவது வந்திருக்கலாம். சின்ன வயது, சரியாக நினைவிருக்காது. நான் எப்போதும் என்னைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

லயத்துக்குப் பின்னால் புகை எழுந்துகொண்டிருந்தது. புகையறைக் கதவு பாதி திறந்திருந்தது. அண்ணன் வாயில் துணி கட்டியிருந்தார். உடைத்த பேட்டரித் தகடுகள் ஒரு மூலையில் குவிந்திருந்தன. அடுப்பில் இரும்புச் சட்டி. அதற்குள் உருகிய ஈயம் கண்ணாடி போல மின்னியது. என் மேசையைச் சுவர்ப் பக்கம் தள்ளி, மேலே ஒரு சாக்கைப் போட்டிருந்தார்.

"இன்னைக்கு ஏன் வெள்ளனவே வந்துட்ட?" என்றார்.

"எவ்வளவு காலமாண்ணே?"

"பழைய பேட்டரி வாங்குற காமில் முதலாளிக்கு ஈயக் கட்டி வேணுமாம். சும்மா கெடக்குற சாமான்தானே."

"அவரு ஏன் அவரு வீட்டுல உருக்கல?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "அங்க உருக்குன பையனுக்கு வயித்துவலி வந்து ரத்னபுரி ஆஸ்பத்திரியில படுத்தான். ஈயம்னு டொக்டர் சொல்லிட்டாரு. ஆள் இருக்குற எடத்துல செய்யாதன்னாரு முதலாளி. அதான் இங்க."

"இங்க நான் இருக்கேன்."

"நீ இல்லாத நேரந்தானே செய்றேன்! ஜன்னலத் தெறந்து விட்டுருவேன். கைய கழுவுறேன், பால் குடிக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆகல பாரு."

"என் வலி எதுன்னு ஒங்களுக்குத் தெரியும்."

"சந்தேகந்தான் இருந்திச்சு. நீதான் பரம்பர வியாதின்னு படிச்சு வந்து சொன்ன. படிச்சவ நீ. சரின்னு விட்டேன்."

"விடலண்ணே. அம்மாவச் சொன்னீங்க."

அவர் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா காய்ச்சல்லதான் போச்சு" என்றார். "ஈயம்னு ஒனக்குப் பட்டிருந்தா நீ நிப்பாட்டச் சொல்லியிருப்ப. தோட்டத்துத் தொரைக்குத் தெரிஞ்சா லயத்த விட்டே அனுப்பிருவாரு. நீ கல்யாணத்தயே நிப்பாட்டுவன்னு நான் கண்டேனா?"

"நிப்பாட்டுனப்ப மோதிரத்த நீங்கதானே எடுத்துக்கிட்டுப் போனீங்க."

ஈயம் எனக்கு நோயைத்தான் கொடுத்தது. அவரோ, என் நான்கு வயதில் போன அம்மாவை எடுத்து, என் பாடத்தைப் பூசி, எனக்கே திருப்பிக் கொடுத்திருந்தார். நான் அந்த அம்மாவுக்காக அழுதும் இருந்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அவரும் கூட வந்தார். தனியாக அனுப்பப் பயந்தார் போலும். டொக்டர் ஒரு சிங்களப் பெண். என் மணிக்கட்டை நீட்டச் சொன்னார், ஈயம் படியும் ஈறின் ஓரத்தைப் பார்த்தார், சுகந்தினி எழுதிக் கொடுத்ததைப் படித்தார். வீட்டில் யாராவது பேட்டரி வேலை செய்கிறார்களா என்று சிங்களத்தில் கேட்டார்.

"நே, டொக்டர்," என்றார் அண்ணன், நான் வாய் திறக்குமுன்பே. இல்லை என்று. அவர் முழங்கால் என் முழங்காலைத் தொட்டது.

டொக்டர் என்னைப் பார்த்தார்.

"ஒவ், டொக்டர்," என்றேன். ஆமாம். எங்கே, எந்த அறை, எவ்வளவு காலமாக, எல்லாம் சிங்களத்திலேயே சொன்னேன். அந்த அறையில் மழைக்கு லயத்துப் பெண்கள் பிள்ளைகளின் துணியைக் காயப் போடுகிறார்கள் என்பதையும் சொன்னேன். பாதியில் அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

இரத்தம் எடுத்தார்கள். இனி அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது. சுகாதாரப் பரிசோதகர் வருவார். ஈயத்தின் அளவு தெரிந்த பிறகுதான் மருந்து முடிவாகும். நான் ஒன்றை மட்டும் கேட்டேன்: இது பிள்ளைகளுக்குப் பரம்பரையாக வருமா?

"பரம்பரையில் வருவது இல்லை," என்றார். "ஆனால் உடம்பிலிருந்து ஈயம் இறங்கும்வரை கர்ப்பம் வேண்டாம். அதற்குப் பிறகு பயப்பட ஒன்றுமில்லை."

வெளியே மர வாங்கில் அண்ணன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னக் காட்டிக் குடுத்துட்டியே தங்கச்சி," என்றார். பிறகு, "யோசப்கிட்ட நானே போயி எல்லாத்தையும் சொல்றேன். பரம்பரையெல்லாம் இல்லன்னு சொல்றேன்" என்றார்.

"வேணாம்ண்ணே," என்றேன். "நீங்க சொன்னா, அதையும் நான் சரிபாக்கணும்."

பஸ் வந்தது. அவர் ஏறிப் பக்கத்தில் இடம் பிடித்து வைத்தார். நான் அதில் ஏறவில்லை. யோசப்பின் தோட்டத்துக்குப் போகும் அடுத்த பஸ்ஸுக்காக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அங்கேயே நின்றேன்.